கோடிட்ட இடத்தில் கிறு வருமா, க்கிறு வருமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா: மகள் ஐந்தாம் வகுப்பு. "சேகர் பாடம் படி___" என்ற இடத்தில் "படிகிறான்" என்று எழுதுகிறாள். எப்படித் திருத்துவது?

முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சில் "செய்றான், போறான்" என்போம். அங்கே "கி" மறைந்துவிடும். "படிக்கிறான், நடக்குறான்" என்னும்போது க் அழுத்தமாகக் கேட்கும். காதில் விழுந்தால் எழுத்திலும் க்கி. "படிகிறது" என்பதும் உண்டு, ஆனால் அது அலமாரியில் தூசி படிவது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் சட்டென்று புரியும்.

சந்தேகம் வந்தால் "வேண்டும்" சேர்த்துப் பார்க்கட்டும். படிக்க வேண்டும் என்று க்க வந்தால் படிக்கிறான், படிப்பான். செய்ய வேண்டும் என்று க்க இல்லாமல் வந்தால் செய்கிறான், செய்வான்.

சவுகார்பேட்டை, இந்தி பேசுபவர்: இறந்தகாலத்தில் "ந்த்" வந்தால் கிறு, வ், "த்த்" வந்தால் க்கிறு, ப்ப். இப்படித்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன். சரிதானே சார்?

த்த் பெரும்பாலும் கைகொடுக்கும்; "செத்தான்" போன்றவை வழிமாறும் (சாகிறான், சாவான்). ந்த்-ஐ நம்பாதீர்கள். வளர்ந்தான், வளர்கிறான், வளர்வான் சரி. ஆனால் நடந்தான், நடக்கிறான், நடப்பான். இருந்தான், இருக்கிறான், இருப்பான். மேலே சொன்ன "வேண்டும்" சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டும்.

"மெரினாவில் சுண்டல் வில்___" என்று வந்தால்? விற்க வேண்டும். ற்-க்குப் பிறகு ஒரே க தான், இருந்தாலும் க்க போலவே நடக்கும்: விற்கிறார், விற்பார். கேட்க, கேட்பார் என்பதும் அப்படியே. போக வேண்டும் என்பதில் இருப்பது தனிக் க, அதனால் போவார். உண், காண் போன்ற சில இடங்களில் சோதனை தோற்கும். உண்ண, காண என்பதில் க இல்லை, ஆனாலும் உண்பார், காண்பார். இவற்றை அப்படியே மனதில் வையுங்கள்.

அண்ணா நகர்: ஆபீஸ் மெயிலில் "நாளை காலை கிளம்புகிறேன்" என்று எழுதினேன். இலக்கணப் பிழையா?

பிழை இல்லை. முடிவான பயணத்தை அப்படிச் சொல்வது நம் வழக்கம். பயிற்சித்தாளில் மட்டும் "நாளை" இருந்தால் விடைக்குறிப்பில் "கிளம்புவேன்" இருக்கும். காலம் எது என்று கேள்வியிலேயே சொல்லாவிட்டால் இரண்டுக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்களும் உண்டு.

தாம்பரம், ஆசிரியை: "பறவைகள் பற___" என்ற இடத்தில் "பறக்கிறன" என்று பாதி வகுப்பு எழுதுகிறது.

பன்மைக்குக் கின்று போடவேண்டும்: பறக்கின்றன. ஒருமைக்குப் பறக்கிறது. பேச்சில் "பறவைங்க பறக்குது" என்று ஒருமையே வருவதால் பன்மை வடிவம் பிள்ளைகளின் காதில் பதிவதில்லை. கோட்டை நிரப்புமுன் எழுவாயில் "கள்" இருக்கிறதா என்று வட்டமிட வையுங்கள். எதிர்காலத்தில் அந்தக் கவலை இல்லை. "பறக்க" என்பதன் கடைசி அகரத்தை எடுத்துவிட்டு உம் சேர்த்தால் பறக்கும், செய்ய, செய்யும், வர, வரும். ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே. "பறப்பன" என்று யாராவது எழுதினால் அது பழைய நடை; அடித்துவிடாமல் ஓரத்தில் "பறக்கும்" என்று எழுதிக் கொடுங்கள்.