#NUM! வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: கடன் 1,00,000. மாதத் தவணை 3,500. மொத்தம் 36 மாதம். எக்செலில் வட்டி விகிதம் பார்க்க RATE போட்டால் #NUM! வருகிறது. இன்னொரு ஷீட்டில் −1000, 2000, −1500 என்ற மூன்று தொகைக்கு IRR போட்டேன், அதிலும் இதேதான். Guess இடத்தில் எதை மாற்றிப் போட்டாலும் போகவில்லை. போதாததற்கு SQRT-உம் ஒரு செல்லில் #NUM! காட்டுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் எண் 0 என்றுதான் தெரிகிறது. மூன்றுக்கும் IFERROR போட்டு மூடிவிடலாமா?

பதில்: மூட வேண்டாம். மூன்றும் ஒரே எழுத்தில் வந்தாலும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றில் கணக்கையே தவறாகக் கேட்டிருக்கிறீர்கள், இன்னொன்றில் விடையே கிடையாது, கடைசியில் விடை இருந்தும் ஒரு துளி மிச்சம் குறுக்கே நிற்கிறது. IFERROR போட்டால் மூன்றும் ஒரே வெற்றுச் செல்லாகிவிடும். பிறகு எது எது என்று பிரிக்க முடியாது.

RATE-இல் இருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியது அநேகமாக இப்படி இருக்கும்:

```
=RATE(36,3500,100000)
```

எக்செலுக்குக் கையில் வருவது ப்ளஸ், கையை விட்டுப் போவது மைனஸ். இந்த ஃபார்முலாவின்படி கடனும் உங்களிடம் வருகிறது, 36 தவணையும் உங்களிடமே வருகிறது. எந்த வட்டியில் இது சமன் ஆகும்? எதிலும் ஆகாது. தவணைக்கு மைனஸ் போடுங்கள்:

```
=RATE(36,-3500,100000)
```

சுமார் 1.31% வரும். இது மாத வட்டி. 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15.7%. செல் 1% என்று மட்டும் காட்டினால் தசம இடத்தைக் கூட்டிப் பாருங்கள், எண் உள்ளே முழுதாக இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கலும் அடிக்கடி நடக்கும். தவணை மாதக் கணக்கில் இருக்க, காலத்தை மட்டும் ஆண்டுக் கணக்கில் 3 என்று போட்டுவிடுவார்கள். அப்போது 1,00,000 வாங்கி 10,500 மட்டும் திருப்பிக் கட்டியதாக ஆகிறது. அதற்குக் கணித விடை சுமார் மைனஸ் 62%. எக்செல் அதைக் கண்டுபிடித்துக் காட்டினாலும் காட்டும், தேடிக் களைத்து #NUM! என்றாலும் என்னும். பெரிய மைனஸ் வட்டி வந்தால் முதலில் மாதமும் ஆண்டும் கலந்துவிட்டதா என்று பாருங்கள்.

‘தேடிக் களைத்து’ என்றதை விளக்க வேண்டும். PMT, PV போன்றவற்றுக்கு நேர் சூத்திரம் உண்டு. RATE, IRR இரண்டுக்கும் பொதுவாக அப்படி இல்லை. ஒரு வட்டியை ஊகித்து, போட்டுப் பார்த்து, வித்தியாசத்தை வைத்து அடுத்த ஊகத்துக்கு நகரும். guess இடத்தில் நீங்கள் எதுவும் தராவிட்டால் 10%-இல் தொடங்கும். 20 சுற்றுக்குள் விடை நிலைகொள்ளாவிட்டால் #NUM! என்று கையை விரித்துவிடும். அந்த 10% ஒரு காலகட்டத்துக்கான விகிதம் என்பதை மறக்கக் கூடாது. மாதக் கணக்கில் அது மாதத்துக்கு 10%, உண்மை விடையிலிருந்து வெகு தூரம். நீண்ட மாதத் தொடர்களுக்கு 0.01 போன்ற ஒன்றை நீங்களே கொடுப்பது நல்லது.

ஆக, குறி சரியாக இருந்தும் #NUM! வந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விடை இருந்தும் அகப்படவில்லையா, இல்லை விடையே கிடையாதா? குருட்டாம்போக்கில் guess மாற்றிக்கொண்டிருந்தால் இது தெரியாது. ஒரு சின்ன அட்டவணை போட்டால் தெரிந்துவிடும். உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். A பத்தியில் A2-இலிருந்து 0%, 1%, 2%, 3% என்று வட்டிகளை எழுதுங்கள். B-இல்:

```
=PV(A2,36,-3500)-100000
```

1%-இல் இது ஏறக்குறைய 5,376. 2%-இல் ஏறக்குறைய −10,789. நடுவில் எங்கோ பூஜ்யத்தைக் கடந்தாக வேண்டும், அங்கேதான் விடை. guess ஆக 0.015 கொடுத்தால் தேடல் பக்கத்திலேயே தொடங்கும்.

இப்போது உங்கள் IRR. மூன்று தொகையும் E2:E4-இல் இருக்கட்டும். B-இல் இதை எழுதுங்கள்:

```
=$E$2+NPV(A2,$E$3:$E$4)
```

0%-இல் −500 வரும். 20%-இல் −375. 50%-இல் −333.33. சரி, மேலே ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் போனால் பூஜ்யம் வந்துவிடும் என்று தோன்றும். 100% போட்டுப் பாருங்கள்: மறுபடியும் −375. 50%-தான் உச்சி, அதற்கு மேல் ஏறவே ஏறாது. பூஜ்யத்தைத் தொடும் வட்டியே இல்லாதபோது எந்த guess கொடுத்தாலும் என்ன ஆகும்?

காரணம் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1/(1+r) என்பதை x என்று வைத்தால் கணக்கு −1000 + 2000x − 1500x² = 0 ஆகிறது. பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடு. வர்க்கமூலத்துக்குள் வருவது b² − 4ac, அதாவது 40,00,000 − 60,00,000. மைனஸ் 20 லட்சத்துக்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் ஏது? SQRT(-1) தரும் அதே பிழைதான் இங்கே IRR வேடத்தில் வந்திருக்கிறது. கடைசியில் பணம் மறுபடி வெளியே போகும் உங்கள் திட்டத்துக்கு IRR சொல்ல முடியாது. நீங்களே ஒரு வட்டியை முடிவுசெய்து NPV-ஐச் சொல்லுங்கள். மேலே பார்த்தபடி எந்த வட்டியிலும் அது நஷ்டம்தான், அந்தத் தகவலே போதும்.

குறி இரண்டு முறை மாறினால் இதற்கு நேரெதிரான தொல்லையும் வரலாம். −1000, 2500, −1540 என்று போட்டுப் பாருங்கள்: 10%-உம் விடை, 40%-உம் விடை. அங்கே பிழையே வராது. எக்செல் ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். என்னைக் கேட்டால் #NUM! வருவதைவிட இதுதான் ஆபத்து. அட்டவணை போட்டிருந்தால் இரண்டு இடத்தில் கடப்பது கண்ணுக்குத் தெரியும்.

SQRT சின்ன விஷயம். ஒரு காலி செல்லில் இதை அடித்து, தசம இடத்தைத் தாராளமாகக் கூட்டிப் பாருங்கள்:

```
=(0.5-0.4-0.1)
```

0 வராது, −2.78E-17 அளவில் ஒரு துளி மைனஸ் நிற்கும். தசமங்களை எக்செல் இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் வரும் மிச்சம் இது. உங்கள் செல்லிலும் காட்சிக்கு 0, உள்ளே மைனஸ். அந்த எண் B2-இல் இருக்கட்டும். அது கணிதப்படி மைனஸ் ஆகவே முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்:

```
=SQRT(MAX(0,B2))
```

ABS போடாதீர்கள். B2 நிஜமாகவே −25 ஆகிவிட்ட நாளில் அது 5 என்று பதில் சொல்லும். MAX-உம் அப்படியொரு தவறை 0 ஆக்கி மறைத்துவிடும் என்பதால், பக்கத்து செல்லில் =B2<-0.000001 என்று ஒரு சோதனை இருக்கட்டும். TRUE வந்தால் தவறு SQRT-க்கு முந்தைய கணக்கில் இருக்கிறது.