யுகேல டாக்டரா வேலை பாக்க எழுதுற பிளாப் பரீட்சை பாஸ் பண்ணாலும் டிகிரி வெரிஃபிகேஷன் ஏன் இழுக்குது?

"பிளாப் 2 முடிச்சிட்டேன், டிகிரி வெரிஃபை பண்ற எபிக் சைட்ல இன்னும் பெண்டிங்னு காட்டுது, என்ன பண்ணலாம்?"

பரீட்சையும் வெரிஃபிகேஷனும் தனித்தனி ரூட்டுங்க. பிளாப் 1 எழுத எபிக் முடிஞ்சிருக்கணும்னு இல்ல, ஆனா அது முடியாம யுகே மெடிக்கல் கவுன்சிலான ஜிஎம்சி ரெஜிஸ்ட்ரேஷன் தராது, அதனாலதான் நிறைய பேர் கடைசில மாட்டிக்கிறாங்க.

நீங்க அப்லோட் பண்ற சர்டிஃபிகேட்ட வச்சு மட்டும் எபிக்ல முடிவு பண்ண மாட்டாங்க, அத நேரா யுனிவர்சிட்டிக்கு அனுப்பி "இது நீங்க குடுத்ததா"ன்னு கேப்பாங்க. பதில் அங்கிருந்து நேரடியா போகணும், நீங்க வாங்கி அனுப்பினா செல்லாது (இதுதான் இந்த முறையோட உயிரே). அதனால எபிக்குக்கு மெயில் மேல மெயில் போட்டு பிரயோஜனம் கம்மி, யுனிவர்சிட்டில இந்த ரிக்வெஸ்ட் யார் டேபிள்ல கிடக்குன்னு விசாரிங்க.

இன்னொன்னு, பேரு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, டிகிரில இனிஷியல் மட்டும்னா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்ட டாக்குமெண்ட் கேப்பாங்க, அத முன்னாடியே ரெடி பண்ணுங்க. நடுவுல இங்கிலீஷ் ஸ்கோரையும் பாத்துக்கோங்க, ஐஇஎல்டிஎஸ்ல மொத்தம் 7.5, ஒவ்வொன்னுலயும் 7, அதுவும் ஒரே சிட்டிங்ல. வெரிஃபிகேஷன் ரொம்ப இழுத்தா அந்த ஸ்கோர் காலாவதி ஆகிடலாம்.