கூடுதலாக நெய்வதை வாங்கப்போவது யார்?

கேள்வி: கோப்பாயில் 12 கைத்தறி வைத்து பருத்தியில் மேசை விரிப்பு நெய்கிறோம். லண்டனில் ஓர் இறக்குமதியாளரும் பாரிஸில் ஒரு கடைக்காரரும் வாங்குகிறார்கள். மிச்சம் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவுகளுக்குப் போகும். இன்னும் 8 தறி போடவும் நூல் வாங்கவும் 40 இலட்சம் ரூபா கடன் கேட்டேன். வியாபாரத் திட்டத்தில் சந்தைப் பகுப்பாய்வு சரியில்லை என்று வங்கி திருப்பிவிட்டது. இணையத்தில் எடுத்த உலகச் சந்தைக் கணக்கெல்லாம் போட்டிருந்தேனே, இன்னும் என்ன எழுத வேண்டும்?

பதில்: அந்த உலகக் கணக்குத்தான் பிரச்சினை. உலகம் எவ்வளவு துணி வாங்குகிறது என்பது கடன் உத்தியோகத்தருக்குத் தேவையில்லை. புதிதாகப் போடும் எட்டுத் தறியில் நெய்வதை யார் வாங்குவார், எப்போது காசு தருவார் என்றுதான் அவர் தேடுவார். அதனால் சந்தையை உங்கள் தறியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கின்படி ஒரு தறியில் நாளுக்கு 4 மீற்றர், மாதம் 22 நாள் வேலை, ஒரு விரிப்புக்கு 2 மீற்றர். பாவு ஏற்றும் நாள், ஆள் வராத நாள் எல்லாம் போனால் முக்கால்வாசிதான் கைக்கு வரும். அப்படிப் பார்த்தால் 12 தறியில் வருடத்துக்குச் சுமார் 4,750 விரிப்பு. உங்கள் விற்பனைக் கொப்பியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது, ஆகவே இந்தக் கணக்கை நம்பலாம். எட்டுத் தறி கூடினால் சுமார் 3,170 விரிப்பு கூடும். சந்தைப் பகுப்பாய்வு முழுவதும் இந்த 3,170க்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இப்போதைய விற்பனை. லண்டன்காரருக்கு 3,000, பாரிஸுக்கு 900, ஊருக்கு வருபவர்களுக்கு 850. இதில் லண்டன் காசு மட்டும்தான் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. பாரிஸ் காசு உறவினர் கையில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பொருளும் ஆட்களின் பெட்டியில் போயிருக்கிறது. எங்கள் ஊரில் இது சாதாரணம், ஆனால் வங்கியின் கண்ணில் அது ஏற்றுமதியே இல்லை. இன்வொய்ஸ், சுங்கப் பத்திரம், வெளிநாட்டிலிருந்து கணக்கில் விழுந்த பணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அவர்கள் ஏற்றுமதி என்று எடுப்பார்கள். நீங்களோ 4,750ஐயும் ஏற்றுமதி என்று போட்டிருந்தீர்கள். கணக்குப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டினாலே அது தெரிந்துவிடும், பிறகு மற்றப் பக்கங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். 3,000ஐ ஏற்றுமதி என்றும் மற்றதை நேரடி விற்பனை என்றும் பிரித்து எழுதுங்கள். விற்பனையில் 63 சதவீதம் ஒரே ஆளிடம் போகிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் எத்தனை வருடமாக வாங்குகிறார், முற்பணம் எவ்வளவு, மிச்சத்தை அனுப்பி எத்தனை நாளில் தருகிறார் என்பதை அதன் கீழேயே எழுதலாம். அவர் காசு தராமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் விசாரித்து, அந்தப் பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் புதிய 3,170. கையெழுத்தான ஓடரையும், பழைய வாடிக்கையாளர் எழுத்தில் கேட்ட அளவையும் முழுதாக எண்ணலாம். மாதிரிக்குக் காசு கொடுத்து வாங்கி, விலையும் கேட்டவரைப் பாதியாக எண்ணுங்கள். கண்காட்சியில் காட் வாங்கிப்போனவர்களுக்குப் பூச்சியம். உங்கள் லண்டன்காரர் மின்னஞ்சலில் 1,000 கூடுதலாகக் கேட்டிருக்கிறார். ஹம்பர்க் கடை மாதிரிக்குக் காசு கொடுத்து, 800 வரை எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அதில் 400. ஆக 1,400. மிச்சம் 1,770க்கு இப்போதைக்கு ஆள் இல்லை.

இதைப் பார்த்து மனம் சோர வேண்டாம். நான்கு தறி போட்டால் வருடத்துக்கு 1,580 அளவில் வரும், அதற்கு இந்த 1,400 கிட்டத்தட்டச் சரி. எனவே இப்போது நான்கு தறிக்கும் அதற்கான நூலுக்கும் கேளுங்கள். ஹம்பர்க்கின் முதல் ஓடருக்குக் காசு வந்த பிறகு அடுத்த நான்கு. திட்டத்தையே இப்படி இரண்டு கட்டமாக எழுதினால் கேட்கும் தொகைக்கும் சந்தைக்கும் தொடர்பு தெரியும்.

போட்டியாளர் பகுதியில் trademap.org என்ற வர்த்தகப் புள்ளிவிவரத் தளத்தைப் பார்த்து எழுதியிருந்தீர்கள், நல்லது. பருத்தியில் நெய்த மேசைத் துணிக்கு 6302.51 என்ற சுங்க எண்தான் சரி. ஆனால் அந்த எண் கைத்தறியையும் விசைத்தறியையும் பிரிக்காது. அதனால் பிரித்தானியாவின் மொத்த இறக்குமதியில் இத்தனை வீதம் பிடிப்போம் என்பது அர்த்தமில்லாத வசனம், அதை வெட்டிவிடுங்கள். அதே தளத்தில் பெறுமதியை நிறையால் பிரித்து, இந்தியச் சரக்கு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் விரிப்பு 250 கிராம், 5 பவுண். அதாவது கிலோ 20 பவுண். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் கொடுக்கிறார் என்பதற்கு லண்டன்காரர் திரும்பத் திரும்ப அனுப்பிய ஓடர்களே சாட்சி. அந்த விரிப்பை அவர் தன் கடைகளுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்றும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

தீர்வை பற்றி ஒரு பந்தி போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 மே மாதம் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகையை இலங்கைக்கு மீண்டும் தந்தது. எந்தச் சலுகையும் இல்லாவிட்டால் இந்தத் துணிக்கு அங்கே 12 சதவீதத் தீர்வை. நூல் இந்தியாவிலிருந்து வந்தாலும் நெய்வதும் தைப்பதும் இங்கே என்பதால் உங்களுக்குச் சலுகை கிடைக்கும். ஓடர் நெருக்குகிறது என்று இந்தியத் துணியை வாங்கி இங்கே தைத்து அனுப்பினால் கிடைக்காது. 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு, ஒன்றியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு இல்லாமலே, பொருள் இலங்கையில் உருவானது என்ற தோற்றக் கூற்றை இன்வொய்ஸில் எழுதலாம், ஹம்பர்க் ஓடர் அதற்குள் அடங்கும். பிரித்தானியாவிலும் இப்போது தீர்வை இல்லை. ஆனால் 2025 ஜூலையில் இந்தியாவும் பிரித்தானியாவும் வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கின்றன, அதில் இந்தியத் துணிக்கும் தீர்வை போகிறது. எனவே இந்தியாவைவிட எங்களுக்குத் தீர்வை குறைவு என்பதை நிலையான பலமாக எழுத வேண்டாம்.

இன்னொன்று, பருவம். மேசை விரிப்புக்கு அங்கே நத்தார்தான் பெரிய விற்பனை. செப்டெம்பரில் கப்பலேற வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் நெய்ய வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அதற்குள்தான் பெரும்பாலும் வரும், அப்போது தறியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நூல் செலவு மே மாதம், மிச்சக் காசு நவம்பர். விற்பனையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்துப் போட்டிருந்தீர்கள், அதை மாற்றுங்கள். கடன் தவணை எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்க அந்த அட்டவணைதான் கைகொடுக்கும்.

எல்லாம் மூன்று பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஓடர், மின்னஞ்சல், சுங்கப் பத்திரங்களின் பிரதிகளைப் பின்னால் கோர்த்துவிடுங்கள். அதற்கு முன் பாரிஸ் கடைக்காரரிடம் பேசி, அடுத்த ஓடரை முறையாக அனுப்பிக் காசைக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரவாவது பாங்க் கூற்றில் தெரிந்த பிறகு விண்ணப்பத்தைத் திரும்பக் கொண்டுபோகலாம்.