கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

"கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, ஐந்து நாளும் ஆபிஸ் வரச் சொல்கிறார்கள். கிழமைக்கு ரெண்டு நாள் திருகோணமலையில் இருந்து செய்யக் கேட்கலாமா?"

தாராளமாக. நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னால், உங்களுக்கு மேலே வரப்போகும் மனேஜரிடமே முதலில் கேளுங்கள், அவர் சம்மதித்தால் எச்ஆர் பெரும்பாலும் மறிக்காது. மொட்டையாக "ரெண்டு நாள்" என்னாமல் நாளைச் சொல்லுங்கள்: திங்களும் வெள்ளியும் வீட்டில், திங்கள் இரவு பஸ் எடுத்தால் செவ்வாய் காலை ஆபிஸ், வியாழன் இரவு திரும்பல். தயங்கினால், முதல் மூன்று மாதம் முழுக்க ஆபிஸ், அப்புறம் இந்த ஏற்பாடு என்று இறங்கி வரலாம்.

ஆனால் நாட்களும் தொடங்கும் தேதியும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். எனக்கு வாயால்தான் சொன்னார்கள்; மனேஜர் மாறினார், அதோடு அதுவும் போச்சு.