120 வரி ஷீட், ஒரே விலை: ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: ஆன்லைன் கடைகளுக்குப் பொருள் தலைப்பும் விவரமும் எழுதித் தருகிறேன். ஒரு ஏஜென்ட் 120 பைகளின் எக்ஸெல் ஷீட்டை அனுப்பி, லிஸ்டிங்குக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்கிறார். எல்லாக் கீவேர்டும் தலைப்பிலேயே வர வேண்டுமாம், எல்லாப் பைக்கும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா? தப்பாகிவிட்டால் யார் பொறுப்பு?

பதில்: ஷீட்டில் உண்மையில் எத்தனை பை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். 120 வரி என்றால் 120 பை என்று அர்த்தமில்லை. 24 மாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிறத்தில் வந்தாலும் 120 வரிதான். எனக்கு ஒரு புது மாடலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதில் 20 நிமிடம் தகவல் சரிபார்க்கவே போய்விடும். மீதி நேரத்தில் கீவேர்டு தேடி, தலைப்பும் விவரமும் எழுதி, ஒருமுறை திருத்துவேன். அதே மாடலின் வேறு நிறத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அப்படியானால் 24 மாடலுக்கு 24 மணி நேரம், மீதி 96 வரிக்கு 8 மணி நேரம், மொத்தம் 32. ஆனால் 120 வரியும் வேறு வேறு பையாக இருந்தால் 120 மணி நேரம். இரண்டுக்கும் ஏஜென்ட் தரப்போகும் தொகை ஒன்றேதான். ‘லிஸ்டிங்குக்கு இவ்வளவு’ என்ற பேச்சில் இதுதான் ஒளிந்திருக்கிறது.

என் நேரத்தை உங்கள் நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷீட்டில் எளிதானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, தகவலே சரியாக இல்லாதது ஒன்று என மூன்றை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். அப்புறம் இரண்டு விலை சொல்லுங்கள்: மாடலுக்கு ஒன்று, நிறமோ அளவோ மட்டும் மாறும் வரிக்கு ஒன்று. ஒரு முறை திருத்தம் விலைக்குள் அடங்கும், எழுதி முடித்த பிறகு புதுத் தகவல் வந்தால் அது தனி வேலை என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, காரணத்தோடுதான். ‘பத்து சாம்பிள் இலவசமாகக் கொடுங்கள், பிடித்தால் மீதி’ என்பார்கள். பன்னிரண்டு பேரிடம் பத்துப் பத்தாக வாங்கினால் உங்கள் 120 வரியும் முடிந்துவிடும், ஒருவருக்கும் காசு போகாது. எனக்கே இப்படி நடந்தது. நான் சாம்பிளாகக் கொடுத்த வரிகள், ஒரு எழுத்துகூட மாறாமல், இரண்டு வாரத்தில் கடையில் ஏறியிருந்தன. சாம்பிள் கேட்டால் ஒன்று கொடுங்கள், அதற்கும் விலை போடுங்கள். ‘தேடலில் முதல் பக்கம் வந்தால்தான் பணம்’ என்பது இன்னொரு வகை. பொருளின் விலை, படம், வாங்கியவர்களின் மதிப்புரை, கையிருப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு பொருளை மேலே கொண்டுபோகின்றன. இவற்றில் ஒன்றும் உங்கள் கையில் இல்லாதபோது, அதை நம்பி கூலி பேசாதீர்கள்.

இவற்றைவிடப் பெரிய கேடு, விற்பவரோடு பேசவே விடாமல் தடுப்பது. எக்ஸெல் ஷீட்டை மட்டும் நம்பி எழுத முடியாது என்பதற்கு ஒரு பையையே எடுத்துக்கொள்வோம். ஷீட்டில் ‘40 லிட்டர்’ என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்திலேயே வெளி அளவு 45, 30, 18 செ.மீ. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 24.3 லிட்டர். வெளிப்பக்கமே 24 லிட்டர்தான் என்றால் உள்ளே 40 லிட்டர் எப்படிப் பிடிக்கும்? ஒன்று அளவு தப்பு, இல்லை கொள்ளளவு தப்பு. எது என்று உங்களுக்குத் தெரியாது, விற்பவரைத்தான் கேட்க வேண்டும். பதில் வரும்வரை லிட்டரையே எழுதாதீர்கள்.

அடுத்து ‘15.6 அங்குல லேப்டாப் வைக்கலாம்’ என்ற வரி. 15.6 என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் நீளமோ அகலமோ அல்ல. அதனால் லேப்டாப் அறையின் உள் நீளமும் உள் அகலமும் செ.மீ.யில் எவ்வளவு என்று கேட்டு, அதையே விவரத்தில் எழுதுங்கள். வாங்குபவர் தன் லேப்டாப்பை அளந்து பார்த்துக்கொள்வார்.

சரி, ‘வாட்டர்ப்ரூஃப்’. துணியின் வெளிப்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும். அதைப் பார்த்துத்தான் ஏஜென்ட் அப்படிப் போடச் சொல்கிறார். ஆனால் தண்ணீர் துணி வழியாக மட்டும் வருவதில்லை. தையல் ஊசி போட்ட ஓட்டைகள் வழியாகவும், ஜிப் வழியாகவும் வரும். பையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையல் கோட்டைப் பாருங்கள். கோட்டின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, அல்லது தைக்காமல் சூட்டால் ஒட்டவைத்த இணைப்பா? ஜிப் தண்ணீர் விடாத வகையா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வராதவரை அந்தப் பை லேசான மழையைத் தாங்கும், அவ்வளவுதான். அப்படியே எழுதுங்கள். கொட்டும் மழையில் உள்ளே இருக்கும் லேப்டாப் நனைந்தால் வாங்கியவர் ‘விவரத்தில் சொன்னதுபோல் இல்லை’ என்று திருப்பி அனுப்புவார். அந்தச் செலவு விற்பவருக்கு, அவர் ஏஜென்டைப் பிடிப்பார், ஏஜென்ட் உங்களைக் காட்டுவார்.

இப்போது தலைப்பு. எல்லாக் கீவேர்டையும் தலைப்பில் கொட்டினால் என்ன ஆகும்? ‘பேக் பேக்பேக் ஸ்கூல் காலேஜ் ஆபீஸ் டிராவல் பேக் ஆண்கள் பெண்கள் வாட்டர்ப்ரூஃப் பெஸ்ட் பேக்’ என்று வரும். இதைப் படித்து இது என்ன பை என்று யாரும் சொல்ல முடியாது. போனில் தலைப்பின் முன்பகுதி மட்டும்தான் தெரியும், மீதி வெட்டுப்படும். தளமும் இதை ஏற்பதில்லை. அமேசானில் பெரும்பாலான பிரிவுகளில் தலைப்புக்கு 200 எழுத்துதான் எல்லை. 2025 ஜனவரியிலிருந்து ஒரே சொல் இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஈபேயில் மொத்தமே 80 எழுத்து, எட்ஸியில் 140. நான் எழுதினால் இப்படி இருக்கும்: ‘(பிராண்டின் பெயர்) லேப்டாப் பேக்பேக், 24 லிட்டர், 15.6 அங்குல லேப்டாப் அறை, லேசான மழை தாங்கும், கறுப்பு’. லிட்டரும் அங்குலமும் விற்பவர் உறுதி செய்த பிறகுதான். இடம் போதாத தளத்தில் மழை பற்றியதை விவரத்துக்கு நகர்த்துங்கள். பொருள் என்ன என்பது மட்டும் முன்பகுதியை விட்டு நகரக்கூடாது.

விட்டுப்போன கீவேர்டுகளுக்கு இடம் இல்லாமல் இல்லை. பல தளங்களில் வாங்குபவர் கண்ணில் படாத ‘தேடல் சொற்கள்’ கட்டம் ஒன்று உண்டு. ‘காலேஜ் பை’, ‘ஆபீஸ் பை’ எல்லாம் அங்கே போகட்டும். தலைப்பில் வந்த சொல்லை அங்கே திரும்பப் போட வேண்டாம். தமிழில் நிரப்புகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் கட்டத்தைச் சில தளங்கள் எழுத்தில் எண்ணாமல் பைட்டில் எண்ணும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘பை’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு எழுத்தும் ஒரு துணைக்குறியுமாக 6 பைட் பிடிக்கும். 250 பைட் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 83 குறிதான். எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரிய, அந்தத் தளத்தின் தேடல் பெட்டியிலேயே ‘லேப்டாப் பை’ என்று தட்டுங்கள். கீழே விழும் பரிந்துரைகள் ஜனங்கள் தேடுவதைக் காட்டும். கீவேர்டு பட்டியலைக் காசுக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள்.

அடுத்தவர் பிராண்ட் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், தேடல் சொற்கள் கட்டத்தில்கூட. ஒரே ஒரு இடத்தில் விலக்கு உண்டு. அதை எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்வதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் பொருள் இன்னொருவரின் பொருளில் பொருந்துவதற்காகவே செய்யப்பட்டிருந்தால், எதில் பொருந்தும் என்று சொல்லாமல் விற்க முடியாது. போன் கவர், பிரிண்டர் மை, வாக்யூம் கிளீனரின் ஃபில்டர் எல்லாம் இந்த வகை. அங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் விற்பவரின் பிராண்ட், அப்புறம் பொருள், கடைசியில்தான் அடுத்தவர் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ‘மாடலுக்குப் பொருந்தும்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே செய்த பொருள் என்று ஆகிவிடும். மாடல் எண்ணை முழுதாக எழுத வேண்டும், ‘எல்லா மாடலுக்கும்’ என்று ஒருபோதும் எழுதக்கூடாது. ‘அந்த பிராண்ட் மாதிரி’, ‘அதே தரம்’ என்பது இந்த விலக்குக்குள் வராது. உங்கள் 120 பையில் ஒன்றுக்குக்கூட இது பொருந்தாது, பை எதற்குள்ளும் பொருந்துகிற சாமான் இல்லை. ஏஜென்ட் ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்பார். போட்டவர்களில் எத்தனை பேரின் லிஸ்டிங் மறைக்கப்பட்டது என்று அவர் சொல்ல மாட்டார்.

மறைக்கப்பட்டால் மீட்பது இருக்கிறதே, அது ஒரு தண்டனை. ஒரு தளத்தில் என் லிஸ்டிங்கை ‘கொள்கைக்கு மாறானது’ என்ற ஒரே வரியோடு எடுத்துவிட்டார்கள். எந்தச் சொல் என்று நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அதே அச்சடித்த பதில். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். விதியை மாற்றுகிறவர்கள் எது தப்பு என்று சொல்ல ஏன் மறுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த நேரமும் உங்கள் நேரம்தான், ஆகவே மீட்பு வேலைக்கு மணிக்கணக்கில் தனிக் கூலி என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். தளத்தின் கண்ணில் விற்பவர்தான் பொறுப்பு. ஆனால் உங்களைக் காக்க ஒரு காகிதம் வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் துணி, வெளி அளவு, லேப்டாப் அறையின் உள் அளவு, எடை, தையல் டேப் உண்டா இல்லையா என்ற ஐந்து கேள்வியை அனுப்புங்கள். பதிலை விற்பவரே மின்னஞ்சலில் தரட்டும், ஏஜென்ட் நிரப்பியது செல்லாது. நீங்கள் எழுதிய இறுதி வரிகளையும் அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

ஏஜென்டுக்கு இப்படி எழுதுங்கள்: ‘மாடலுக்கு இவ்வளவு, நிறத்துக்கு இவ்வளவு. பாதி முன்பணம். ஐந்து கேள்விக்கும் விற்பவர் பதில் தந்த மாடலை மட்டும் தொடங்குவேன். டேப் இல்லாத பைக்கு வாட்டர்ப்ரூஃப் என்று எழுத மாட்டேன்.’ நேர்மையான ஏஜென்ட் விற்பவரின் மின்னஞ்சலைக் கொடுப்பார். கொடுக்க மறுத்தால் 120 வரியையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.