ஏஐ ரெண்டர் விளம்பரத்துக்குப் போகக்குள்ள: லேபல், சேமிப்பு, பேர் பற்றி வந்த கேள்விகள்

கிளையண்ட்ட விளம்பரத்துக்குக் குடுக்கிற ஏஐ ரெண்டர்களுக்கு எங்கட ஸ்டூடியோவில ஒரு பொலிசி எழுதி வச்சிரிக்கம். அத வாசிச்சிட்டு நம்மட பக்கத்து டிசைனர்மார் கேட்டதுக்கு இஞ்ச பதில் தாறன்.

பாசிக்குடா கெஸ்ட் ஹவுஸ் ஒண்டுக்கு ரூம் போட்டோ எடுத்து, கட்டில், கேர்ட்டின் எல்லாம் ஏஐயில மாத்தினன். இதுக்கும் லேபல் வேணுமா அண்ணே?

வேணும் தம்பி. ஆனா லேபலுக்கு முந்தி ஜன்னலப் பாருங்க. கட்டில மாத்தச் சொன்னா ஏஐ சும்மா விடாது, ஜன்னலுக்கு வெளிய மதிலும் பக்கத்து வீட்டுக் கூரையும் இரிந்த இடத்தில நீலக்கடல வச்சிட்டுப் போயிடும், ரூமையும் கொஞ்சம் அகலமாக்கிப் போடும். அதப் பாத்து புக் பண்ணிட்டு கொழும்பில இருந்து குடும்பத்தோட வாறவருக்கு லேபல் இரிந்து என்ன பிரயோசனம்? 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம், வியாபாரி சனத்த ஏமாத்திற மாதிரி நடக்கக் கூடாதெண்டு சொல்லுது, கீழ சின்ன எழுத்தில ஒண்டு போட்டதால தப்பேலாது. அதால எங்கட ரூல் இதுதான்: ஜன்னல் காட்சி, ரூம் அளவு, கதவு, கடலுக்கு உள்ள தூரம், இந்த நாலும் ஒரிஜினல் போட்டோவில இரிக்கிற மாதிரியே இரிக்கோணும். ரெண்டு படத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு லேயரா வச்சு மேல உள்ளத பாதி மங்கலாக்கிப் பாத்தா எது நகந்திரிக்கு எண்டு உடன தெரியும். நகந்ததுக்கு மாஸ்க் போட்டு ஒரிஜினலத் திருப்பிக் கொண்டு வாங்க.

மறுகா லேபல். "உண்மை அறை, தளபாடங்கள் ஏஐ காட்சி" எண்டு தெளிவா எழுதுங்க. முழுப் படமுமே ஏஐ எண்டா "ஏஐ கற்பனைக் காட்சி". மூலையில ஒட்டினாப்போல வைக்காதீங்க, இன்ஸ்டாகிராம் ஓரத்த வெட்டிப்போடும், கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வைங்க. 1080 பிக்சல் அகலப் படத்தில எழுத்து 28 பிக்சலுக்குக் குறைஞ்சா போன்ல வாசிக்க ஏலாது.

படத்துக்கு மேல எழுதினா அசிங்கமா இரிக்கெண்டு கிளையண்ட் சொல்றார். ஃபைலுக்குள்ள மட்டும் போட்டா போதாதா?

போதாது. உள்ளுக்கும் போடோணும்தான், அதுக்கு ஐபிடிசி எண்ட செய்திப் பட நியம அமைப்புட நியமச் சொல் ஒண்டு இரிக்கு, exiftool எண்ட மென்பொருளால இப்பிடி எழுதலாம்:

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType=http://cv.iptc.org/newscodes/digitalsourcetype/compositeWithTrainedAlgorithmicMedia room_v3.jpg
```

இது போட்டோவும் ஏஐயும் கலந்த படத்துக்கு. முழுக்க ஏஐ எண்டா கடைசிச் சொல் `trainedAlgorithmicMedia`. ஆனா நம்மட ஊரில படம் எப்பிடிப் போகுது? வாட்ஸ்அப்பில. போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கக்குள்ள உள்ள எழுதினதெல்லாம் போயிடும், டொகியுமெண்டா அனுப்பினாத்தான் ஃபைல் அப்பிடியே போகும். சந்தேகமெண்டா கிளையண்ட்ட கையில இரிக்கிற ஃபைல டொகியுமெண்டாத் திருப்பி வாங்கி `exiftool -DigitalSourceType room_v3.jpg` ஓட்டிப் பாருங்க, ஒண்டும் வரல்லெண்டா வழியில கழண்டிட்டு. அதாலதான் மேல எழுதிறத நாங்க விடுறல்ல.

ப்ராம்ப்டும் சீடும் நோட்புக்கில எழுதி வச்சா சேமிப்பு சரிதானே?

சரிவராது தங்கச்சி. மொடல் ஃபைல், சொஃப்ட்வேர் வேர்ஷன், சில நேரம் கிராபிக்ஸ் கார்ட் மாறினாலே அதே சீடுக்கு வேற படம் வரும். ஏஐ துப்பின முதல் பிஎன்ஜிய தொடாம வைங்க. ஸ்டேபிள் டிஃபியூஷன் வெப்யூஐ, கம்ஃபியூஐ ரெண்டும் செட்டிங்ஸ அந்த பிஎன்ஜிக்குள்ளேயே எழுதும், போட்டோஷொப்பில திறந்து எக்ஸ்போர்ட் பண்ணினா பெரும்பாலும் அது அழிஞ்சிடும். எங்கட ஃபோல்டரில நாலு சாமான்: ஒரிஜினல் போட்டோ, தொடாத பிஎன்ஜி, லேபல் போட்ட கடைசி ஜேபெக், கிளையண்ட் "ஓகே" சொன்ன மெசேஜ்ட ஸ்கிரீன்ஷொட். அந்த ஸ்கிரீன்ஷொட்ட தேவையில்லையெண்டு நினைக்காதீங்க, மூண்டு வேர்ஷன் போனதுக்குப் பிறகு எத போடச் சொன்னது எண்டு பிரச்சினை வந்தா அதுதான் பேசும். விளம்பரம் ஓடுற வரைக்கும் ஒண்டையும் அழிக்கிறல்ல.

யாரிட பேரப் போடுற?

கல்முனையில இருந்து ஒரு நானா கேட்டிரிந்தார். மனிசர்ட பேரும் ஸ்டூடியோட பேரும் மட்டும். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் எண்டு சொல்றது ஆக்கத்த உண்டாக்கின ஆளத்தான், டூல் அங்க வராது, டூல்ட பேர் லேபலோட நிக்கட்டும். எங்கட கேப்ஷன் "அறை வடிவமைப்பு: இன்னார், மூலப் போட்டோ: இன்னார், ஏஐ காட்சித் தயாரிப்பு: ஸ்டூடியோ" எண்டு வரும். போட்டோகிராஃபர்ட பேர் போடுறதுக்கு முந்தி, அவர்ட படத்த ஏஐயில மாத்திறதுக்கு எழுத்தில சம்மதம் வாங்குங்க. கலியாணத்துக்கோ ஹோட்டலுக்கோ படம் எடுக்கக் காசு வாங்கினது இதுக்கும் சேத்து எண்டு நாமளே முடிவெடுக்க ஏலாது. அவர் படத்துக்குச் சம்மதிச்சு பேர் வேணாமெண்டா பேர எடுங்க, "மூலப் போட்டோ" எண்ட வரிய மட்டும் விடுங்க.