பெட்டியில் 5 கவர், மினிட்ஸில் 6 கவர்: டெண்டர் திறப்புப் பதிவை எதிர்ப்பது எப்படி?

கேள்வி: "ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்கு மளிகை சப்ளை டெண்டர். பெட்டியில் கவர் போடும் முறை. மதியம் 3 மணியோடு நேரம் முடிந்தது, 3.30-க்குத் திறந்தார்கள். பெட்டியில் இருந்தது 5 கவர். ஆறாவதை ஒரு ஊழியர் உள் அறையிலிருந்து எடுத்து வந்து 'தபாலில் வந்தது' என்றார், ஓரம் பிரிந்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது. அந்தத் தொகையை 18,73,500 என்று வாசித்தார்கள், நான் குறித்து வைத்திருக்கிறேன். என் தொகை 18,42,000, மற்ற எல்லோரும் எனக்கு மேல். கடைசியில் அந்த ஆறாவது ஆளுக்கே 18,37,500-க்கு உத்தரவு. மினிட்ஸ் நகல் கேட்டு வாங்கினேன். 6 கவர், முத்திரைகள் சரி, திருத்தம் இல்லை, 6 பேரும் வந்திருந்தனர் என்று இருக்கிறது. அந்த ஆறாவது ஆள் அன்று வரவே இல்லை. வருகைக்கு என்று வெறும் தாளில் வாங்கிய என் கையெழுத்தும் அதோடு சேர்ந்திருக்கிறது. உத்தரவு கைக்கு வந்து 6 நாள் ஆகிறது. என்ன செய்யலாம்?"

பதில்:

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டம், 1998-ன் 11-வது பிரிவின்படி, டெண்டரை ஏற்ற உத்தரவை எதிர்த்து அரசுக்கு மேல்முறையீடு செய்ய உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான் இருக்கிறது. உங்களுக்கு மிச்சம் 4 நாள். அதனால்தான் இதன் சுருக்கத்தை முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன், இங்கே எழுதுவது அதன் விரிவு. தகவல் உரிமை மனு போட்டு ஆவணம் எல்லாம் கைக்கு வந்த பிறகு மேல்முறையீடு செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த மனுவுக்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு, உங்களுக்கு 10 நாள்தான். மேல்முறையீட்டை அந்தக் கூட்டுறவு நிறுவனம் எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்தத் துறைச் செயலாளருக்கு அனுப்புங்கள், ஒப்புகை கிடைக்கிற வழியில். ஆவணங்கள் பின்னால் வரும்போது கூடுதல் மனுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். டெண்டர் அறிவிப்பில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

சரி, இனி மினிட்ஸ். டெண்டர் திறப்பு நாளில் அதிகாரிகள் செய்ய வேண்டியதை இதே சட்டத்தின் 2000-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வந்த கவர்களை எண்ண வேண்டும், நேரத்துக்குள் வந்தவற்றைத் திறக்க வேண்டும், டெண்டர்தாரர் பெயரையும் அவர் குறித்த விலையையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும், ஈ.எம்.டி. வைப்புத்தொகை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் கண்ணில் படும் திருத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும், நடந்ததை மினிட்ஸாக எழுதி வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யாராவது கையெழுத்துப் போட மறுத்தால் மறுக்கலாம், அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. அன்றைக்கு நடப்பது ஆவணங்களைப் பார்ப்பது மட்டுமே, யார் தகுதி, யாருக்கு வேலை என்ற மதிப்பீடு பிறகுதான். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது.

உங்களுக்கு எதிரே நிற்பது அந்த மினிட்ஸின் பலம். அலுவலக வேலைகள் முறைப்படிதான் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 119-வது பிரிவில் வருகிறது. இந்த ஊகத்தை உடைக்கலாம். ஆனால் "நான் அங்கே இருந்தேன், 5 கவர்தான் பார்த்தேன்" என்று வாயால் சொல்லி உடைப்பது கஷ்டம், அதுவும் உங்கள் கையெழுத்தே அந்தக் காகிதத்தோடு இருக்கும்போது. அதே அலுவலகத்தின் வேறொரு காகிதம் மினிட்ஸுக்கு எதிராகப் பேச வேண்டும். அப்படிப்பட்ட காகிதங்கள் கட்டாயம் இருக்கும்.

முதலாவது தபால் பதிவேடு. கவர் தபாலில் வந்தது என்றால் வந்த நாள், வரிசை எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும், கவரின் மேல் அலுவலக முத்திரையும் இருக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட் என்றால் கவரின் எண்ணை வைத்து எந்தத் தேதி எத்தனை மணிக்கு ஒப்படைத்தார்கள் என்பதைத் தபால் துறையிலிருந்தே எடுக்கலாம். 3 மணிக்குப் பிறகு வந்திருந்தால் அதைத் திறந்திருக்கவே கூடாது. பதிவேட்டில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் நுழைத்த வரி, 'அ' சேர்த்த எண், வேறு மை இப்படி ஏதாவது தெரிந்தால் அதுவே பாதி வழக்கு. தபால் பதிவே இல்லை என்றால் அந்தக் கவர் எப்படி உள்ளே வந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கவரேதான். கவர்களை அலுவலகங்கள் கோப்போடு வைத்திருக்க வேண்டும், வைத்திருப்பார்கள். ஒழுங்காக நடத்துகிற இடங்களில் திறந்த உடனே ஒவ்வொன்றின் மேலும் 1/5, 2/5 என்று எண் போட்டு, திறந்தவர்கள் சுருக்கொப்பமும் தேதியும் இடுவார்கள். கீழே எத்தனை என்ற மொத்த எண்ணும் வருவதால் பின்னால் ஒரு கவரை நுழைப்பது லேசில் முடியாது. உங்கள் கவரில் 3/5 என்று இருந்து, மினிட்ஸில் 6 என்று இருந்தால் அப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை. ஐந்தைத் திருத்தி ஆறாக்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஓரம் பிரிந்த கவர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டேப்ளர் அடித்திருப்பதாலேயே அந்த டெண்டர் செல்லாது என்று வாதாடாதீர்கள், நிற்காது. டெண்டர் நிபந்தனையில் அரக்கு முத்திரை கட்டாயம், இல்லாவிட்டால் நிராகரிப்பு என்று இருந்தால் தவிர இது உயிர்போகிற குறை இல்லை. கேள்வி வேறு: திறப்பதற்கு முன்பே உள்ளே இருந்த விலையை யாராவது பார்த்திருக்க முடியுமா, அல்லது காகிதத்தை மாற்றியிருக்க முடியுமா? அந்தச் சந்தேகம் வரும் நிலையில் கவர் இருந்தால், திறக்கும் முன் வந்திருப்பவர்களிடம் காட்டி, "ஓரம் பிரிந்த நிலையில் பெறப்பட்டது" என்று மினிட்ஸில் எழுதியிருக்க வேண்டும். "முத்திரைகள் சரி" என்று ஒரே வரியில் ஆறையும் முடித்ததுதான் தவறு. கவர் இன்றும் கோப்பில் இருந்தால் ஸ்டேப்ளர் துளையும் இருக்கும்.

மூன்றாவது, என் பார்வையில் உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவானது, வாசித்த தொகை. 18,73,500-க்கும் 18,37,500-க்கும் நடுவே 7-ம் 3-ம் இடம் மாறியிருக்கிறது. இதற்கு நேர்மையான விளக்கமும் இருக்கலாம், அதை இப்போதே யோசித்து வையுங்கள். மளிகை டெண்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் விலை, அளவு, பெருக்குத்தொகை என்று அட்டவணை இருக்கும். கூட்டலில் பிழை இருந்தால் அலகு விலையை வைத்து மதிப்பீட்டில் சரிசெய்வது வழக்கம். அப்படித்தான் நடந்தது என்றால் ஒப்பீட்டுப் பட்டியலில் "குறித்த தொகை இவ்வளவு, சரிபார்த்த தொகை இவ்வளவு" என்று இரண்டும் இருக்க வேண்டும், மினிட்ஸில் வாசித்த தொகை அப்படியே 18,73,500 என்று நிற்க வேண்டும். மினிட்ஸிலேயே 18,37,500 என்று இருந்தால் கூட்டல் பிழை என்ற கதை எடுபடாது. அன்று என்ன வாசித்தார்கள் என்பதுதான் மினிட்ஸ், பிறகு கணக்குப் போட்டதில் என்ன வந்தது என்பது அதில் வரக் கூடாது. துவரம் பருப்போ எண்ணெயோ, ஏதாவது ஒரு வரியில் மேலெழுத்து இருந்து, பக்கத்தில் திறந்தவர்களின் சுருக்கொப்பம் இல்லாமல், மினிட்ஸில் "திருத்தம் இல்லை" என்று இருந்தால் அது திறப்புக்குப் பிறகு செய்த திருத்தம் என்று சொல்ல உங்களுக்கு நல்ல அடிப்படை கிடைக்கும்.

வருகையும் அப்படித்தான். ஆறாவது ஆள் வந்தார் என்றால் அவர் கையெழுத்து எங்கே? வருகைத்தாளில் இருக்கும் கையெழுத்தை அவருடைய டெண்டர் படிவத்தில் இருக்கும் கையெழுத்தோடு வைத்துப் பாருங்கள். பிரதிநிதி வந்தார் என்று சொன்னால் அதிகாரக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். மினிட்ஸ் வாசகமும் கையெழுத்துகளும் ஒரே தாளிலா, இரண்டாம் தாளுக்குத் தலைப்போ பக்க எண்ணோ இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வாசகம் ஒரு தாளிலும் வெறும் கையெழுத்துகள் இன்னொரு தாளிலும் இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டது வருகையை மட்டுமே என்ற வாதம் நன்றாகவே நிற்கும்.

இதையெல்லாம் நகலில் பார்க்க முடியாது. ஜெராக்ஸில் மை வித்தியாசம் தெரியாது. அதனால் தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுவில் நகல் மட்டும் கேட்காமல், 2(j) பிரிவின்படி மூலக் கோப்பையும் கவர்களையும் தபால் பதிவேட்டையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். போட்டியாளரின் வணிக ரகசியம் என்று 8(1)(d)-ஐக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். எல்லோர் முன்னாலும் வாசித்த விலை எப்படி ரகசியமாகும் என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். வாசகம் இப்படிப் போதும்: "டெண்டர் திறப்பு நாளன்று பெட்டியில் 5 கவர்களே இருந்தன. ஆறாவது கவர் உள் அறையிலிருந்து ஓரம் பிரிந்த நிலையில் கொண்டுவரப்பட்டது. அதன் தொகை ரூ.18,73,500 என வாசிக்கப்பட்டது. மினிட்ஸ் இதற்கு முரணாக உள்ளது. நான் வெற்றுத் தாளில் இட்ட கையெழுத்து வருகைக்கு மட்டுமே. அன்றைய சிசிடிவி பதிவு, அனைத்துக் கவர்கள், தபால் பதிவேடு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்." மோசடி, லஞ்சம் என்ற சொற்கள் இதில் வேண்டாம். நீங்கள் தொகை குறித்த சீட்டு கசங்கிப் போயிருந்தாலும் அதையே வையுங்கள், அழகாகத் திரும்ப எழுத வேண்டாம். போனில் படம் எடுத்திருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்று கொடுக்க அது தேவைப்படும். மற்ற நால்வரில் இரண்டு பேர் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தந்தால் பெரிய பலம். அவர்களும் தோற்றவர்கள்தானே என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் உங்களுக்கும் மேலே விலை போட்டவர்கள், அவர்களுக்கு இதில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

அரசிடம் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே எல்லை உண்டு. ஜகதீஷ் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, முடிவெடுத்த முறை தீய எண்ணம் கொண்டதா அல்லது எந்த நியாயமான அதிகாரியும் எடுக்காத முடிவா, பொதுநலன் பாதிக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள். 5 கவரா 6 கவரா என்று சாட்சி விசாரித்துக் கண்டுபிடிக்கிற வேலையை ரிட்டில் செய்ய மாட்டார்கள். ஆவணமே முரணைக் காட்டினால்தான் காது கொடுப்பார்கள். சப்ளை தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஓடிவிட்டால் அதுவும் குறையும், ஆகவே மேல்முறையீட்டிலேயே இடைக்காலத் தடையும் கேட்டுவிடுங்கள்.

கோரிக்கையில் "வேலையை எனக்கே தர வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். குறைந்த விலைக்காரருக்கும் வேலை கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை கிடையாது. உத்தரவை ரத்து செய்து, ஆறாவது கவரை நீக்கி, திறப்பன்று வாசித்த தொகைகளின்படி மறுமதிப்பீடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் மறுடெண்டர் விட வேண்டும் என்று இரண்டு படியாகக் கேளுங்கள். ஈ.எம்.டி. திரும்ப வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ரசீதில் "மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.